காலியான பென்ஸ்டாக்கில் தண்ணீர் ஏற்றும் குறிப்பைத் தமிழில் எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பேராக்கில் தாப்பாவில் இருந்து கேமரன் மலைக்கு ஏறும் வழியில் ஜோர் நீர்மின் நிலையம் 1963-இல் இருந்து ஓடுகிறது. அது பெரிய நிலையம், அங்கே எல்லாவற்றுக்கும் தனித்தனி ஆள், தனித்தனி பயிற்சி. நான் இங்கே எழுதப்போவது அந்த மாதிரி இடத்துக்கு அல்ல. மலையடிவாரத்தில், செம்பனைத் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில், ஒரு ஷிப்டுக்கு இரண்டு பேர் மட்டும் இருக்கும் சின்ன நிலையத்துக்கு. மெஷின் செய்த கம்பெனி கொடுத்த குறிப்பு ஆங்கிலத்தில் இருக்கும், சுவரில் உள்ள போர்டு மலாயில் இருக்கும், வேலை செய்கிறவர்களில் பாதிப்பேர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர்கள். மலாய் நன்றாகப் பேசுவார்கள், ஆனால் ஒரு பக்கம் முழுக்கப் படித்துப் புரிந்துகொள்ளத் தமிழ்தான் அவர்களுக்குக் கைகொடுக்கும்.

முழு குறிப்பும் நாற்பது ஐம்பது பக்கம் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மொழிபெயர்க்க உட்காராதீர்கள். முதலில் ஒரே ஒரு பகுதியை எடுங்கள்: மேலே தொட்டியில் இருந்து டர்பைனுக்குத் தண்ணீர் இறக்கும் பெரிய பைப்தான் பென்ஸ்டாக். பராமரிப்புக்காகக் காலி செய்த அதில் திரும்பத் தண்ணீர் ஏற்றி, மெயின் வால்வைத் திறப்பது வரை. ஏன் இது முதலில் என்றால், மெஷினை ஓட்டுவதும் நிறுத்துவதும் இப்போது பெரும்பாலும் பொத்தானை அமுக்கினால் கண்ட்ரோல் பேனல் தானே பார்த்துக்கொள்ளும். தண்ணீர் ஏற்றுவது அப்படி இல்லை. அது கையால் செய்யும் வேலை, வருடத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் வரும், போன தடவை செய்தவர் இந்தத் தடவை ஷிப்டில் இருக்க மாட்டார். ஆகவே அன்றைக்குத்தான் பேப்பரை உண்மையாகவே எடுத்துப் படிப்பார்கள்.

பேப்பருக்கு முன்னால் பைப்

மொழிபெயர்க்கிறவர் மேலே தண்ணீர்த் தொட்டியில் இருந்து கீழே பவர்ஹவுஸ் வரை பைப் ஓரமாக ஒரு தடவை நடந்தே ஆக வேண்டும், கூட அந்த நிலையத்தில் நீண்ட நாள் இருக்கும் ஒருவரையும் கூட்டிக்கொள்ள வேண்டும். கம்பெனி எழுதிய குறிப்பு எந்த மலையிலும் வைக்கக்கூடிய மெஷினுக்கு எழுதியது. உங்கள் மலையில் பைப் எப்படி வளைகிறது என்று அதில் இருக்காது. அது தெரியாமல் எழுதும் தமிழ் இலக்கணப்படி சரியாக இருந்தாலும் ஆபத்தானது, அது எப்படி என்று கொஞ்சம் கழித்துக் கணக்கோடு காட்டுகிறேன்.

நடக்கும்போது பார்க்க வேண்டியவை இவை. மேலே தொட்டி, அதன் வாயில் இலைதழைகளைத் தடுக்கும் கம்பித் தடுப்பு, அதற்குப் பின்னால் நுழைவுக் கதவு. கதவுக்கு அடுத்தபடியாகப் பைப்பில் இருந்து மேல்நோக்கி நிற்கும் ஒரு காற்றுக் குழாய். அதன் பக்கத்திலேயே கதவைச் சுற்றிக்கொண்டு போகும் ஒரு சின்ன வால்வு இருக்கும், அதுதான் பைப்பை நிரப்பும் வால்வு. பிறகு பைப் முழுக்க இறங்கி, கீழே வடிகால் வால்வு, ஆள் இறங்கும் மூடி, மெயின் வால்வு, அதைச் சுற்றிப் போகும் பைப்பாஸ் வால்வு, அதற்கப்பால் நாசில். நாசிலுக்குள் முன்னும் பின்னும் நகர்ந்து தண்ணீர்ப் பீச்சைக் கூட்டிக் குறைக்கும் ஊசி, பீச்சை ஒரு தட்டு மாதிரி திருப்பிவிடும் டிஃப்ளெக்டர். நான் இங்கே சொல்வது பெல்டன் டர்பைன் உள்ள நிலையம். பிரான்சிஸ் என்றால் ஊசிக்குப் பதில் வழிகாட்டித் தகடுகள் இருக்கும், கடைசிப் பகுதி மாறும்.

ஒவ்வொன்றுக்கும் அங்கே வேலை செய்கிறவர்கள் வாயில் என்ன பேர் வருகிறது என்று அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். டர்பைனுக்கு விசையாழி, பென்ஸ்டாக்குக்கு அகராதியில் இருந்து ஏதாவது ஒரு அழகான பேர் என்று போட வேண்டாம். ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச்லைட் வெளிச்சத்தில் படிக்கிறவருக்கு, தான் தினமும் சொல்லும் சொல் கண்ணில் பட வேண்டும். வால்வின் சக்கரத்தில் திற, மூடு என்பதற்கு 'புக்கா', 'தூத்துப்' என்று மலாயில் எழுதியிருந்தால், தமிழ்க் குறிப்பிலும் "புக்கா பக்கம் திருப்புங்கள்" என்று எழுதலாம், தவறே இல்லை. இன்னும் நல்லது, ஒவ்வொரு வால்வுக்கும் பெயிண்டில் பெரிதாக ஓர் எண் போட்டு, குறிப்பிலும் அதே எண்ணைச் சொல்வது.

ஒரே பேரில் இரண்டு வால்வு

மூலக் குறிப்பில் நிரப்புவது பற்றிய பத்தியைப் பார்த்தால், பெரும்பாலும் மேலே கதவுக்குப் பக்கத்தில் உள்ள சின்ன வால்வையும் கீழே மெயின் வால்வைச் சுற்றியுள்ள சின்ன வால்வையும் 'பைப்பாஸ்' என்றே சொல்லியிருப்பார்கள். எழுதிய இன்ஜினியருக்குக் குழப்பம் இல்லை, வரைபடம் அவர் கண்முன் இருந்தது. ஆனால் இவை இரண்டும் வேறு வேறு வேலைக்கானவை, பின்னால் நான் கணக்குப் போடப்போகும் உதாரண நிலையத்தில் ஒன்றுக்கும் மற்றதுக்கும் நடுவில் 180 மீட்டர் உயரம் இருக்கிறது.

மேல் வால்வு பென்ஸ்டாக் முழுவதையும் மெதுவாக நிரப்புகிறது. இந்த நேரம் முழுக்க மெயின் வால்வு மூடியே இருக்க வேண்டும். கீழ் வால்வு, மெயின் வால்வுக்கும் ஊசிக்கும் இடையில் உள்ள குட்டித் துண்டுப் பைப்பை நிரப்புகிறது. மெயின் வால்வின் இரண்டு பக்கமும் அழுத்தம் சமமானால்தான் அதைத் திறக்கலாம். ஒரு பக்கம் 17 பாரும் மறுபக்கம் வெறும் காற்றும் இருக்கும்போது ஆயிலைக் கொடுத்து மெயின் வால்வைத் திறந்தால், சீல் கிழியும், தாங்கி அடிவாங்கும், காலியாக இருந்த துண்டுக்குள் தண்ணீர் பாய்ந்து போய் ஊசியில் மோதும். கண்ட்ரோல் பேனல் வழியாகப் போனால் அது தடுக்கும், ஆனால் பராமரிப்பு முடிந்த கையோடு மெஷின் கைமுறையில்தான் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

ஆகவே தமிழில் 'பைப்பாஸ்' என்ற பேரைக் கீழே உள்ளதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, மேலே உள்ளதை 'நிரப்பும் வால்வு' என்று பிரித்துவிடுங்கள். மூலத்தில் இல்லாத பேரை நான் எப்படி வைப்பது என்று தயங்க வேண்டாம். நிலையப் பொறுப்பாளரிடம் காட்டி ஒப்புதல் வாங்கினால் போதும், மலாய் போர்டிலும் அதே மாதிரி பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

மூடியிருக்கிறதா, மூட வேண்டுமா

மூலத்தில் அடுத்தபடியாகத் தடுக்கும் இடம் இது. "வடிகால் வால்வு மூடப்பட வேண்டும், ஊசி மூடப்பட வேண்டும், காற்றுக் குழாய் திறக்கப்பட வேண்டும்" என்று வரிசையாக வரும். ஆங்கிலத்தில் அந்த வாக்கியம் இரண்டு பொருளுக்கும் ஒத்துப்போகும்: ஏற்கெனவே அந்த நிலையில் இருக்கிறதா என்று பார் என்றும் எடுக்கலாம், இப்போது போய்ச் செய் என்றும் எடுக்கலாம். 'மூடப்பட வேண்டும்' என்று அப்படியே தமிழில் இறக்கினால் யாரும் எதையும் தொட மாட்டார்கள், ஏனென்றால் யார் செய்வது என்று அதில் இல்லை, முந்தின ஷிப்ட் செய்திருக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி நினைத்து வடிகால் வால்வு கால்வாசி திறந்தபடியே தண்ணீர் ஏற்றத் தொடங்கினால், பைப் நிரம்பவே நிரம்பாது.

நீங்கள் நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு இரண்டில் ஒன்றாக எழுத வேண்டும். பார்க்க வேண்டியது என்றால், "வடிகால் வால்வுச் சக்கரத்தை மூடும் பக்கம் கையால் திருப்பிப் பாருங்கள். நகரக் கூடாது." செய்ய வேண்டியது என்றால், "வடிகால் வால்வை மூடுங்கள்." முதலாவதில் கை எதைத் தொட வேண்டும், தொட்டால் என்ன தெரிய வேண்டும் என்று இரண்டும் இருப்பதைக் கவனியுங்கள். 'உறுதி செய்யவும்' என்ற சொல்லை நான் குறிப்புகளில் போடுவதே இல்லை, அதைப் படித்ததும் ஆள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்.

தமிழில் வினை கடைசியில் வருவதால் இன்னொரு தொல்லை உண்டு. "அழுத்தம் சமமாகும் வரை மெயின் வால்வைத் திறக்கக் கூடாது" என்று எழுதி, பிரிண்ட் எடுக்கும்போது 'திறக்க' வரை ஒரு வரியிலும் 'கூடாது' அடுத்த வரியிலும் விழுந்தால், அவசரத்தில் கண் முதல் வரியோடு நின்றுவிடும். 'திறக்காதீர்கள்' என்று ஒரே சொல்லாக்கினால் அது உடையாது. அதைவிட நல்லது தடையைத் தனி வரியாக முதலில் வைப்பது: "மெயின் வால்வை இன்னும் தொடாதீர்கள்." பிறகு, எப்போது தொடலாம் என்பதைத் தனி வரியில். நீண்ட வாக்கியம் எனக்கும் பிடிக்கும், ஆனால் வால்வு பக்கத்தில் ஒட்டும் தாளில் ஒரு வரிக்கு ஒரு வேலைதான்.

எண்கள்: ஒரு நிலையத்தை எடுத்துக் கணக்குப் போடுவோம்

உதாரணத்துக்கு ஒரு நிலையம் வைத்துக்கொள்வோம். தொட்டியில் இருந்து நாசில் வரை உயரம் 180 மீட்டர், பைப் நீளம் 640 மீட்டர், உள் விட்டம் 60 சென்டிமீட்டர், முழு ஓட்டத்தில் பைப்புக்குள் தண்ணீர் விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் போகிறது. சுமார் 1.2 மெகாவாட் கிடைக்கும். இந்த எண்கள் நான் வைத்தவை, உங்கள் நிலையத்து எண்களைப் போட்டு இதே மாதிரி செய்யுங்கள்.

பைப் முழுக்க நிரம்ப ஏறக்குறைய 180 கன மீட்டர் தண்ணீர் வேண்டும். நிரப்பும் வால்வு விநாடிக்கு 30 லிட்டர் விடுகிறது என்றால் 100 நிமிடம் ஆகும். நிரம்பியதும் கீழே கேஜ் 17.6 பார் காட்டும், ஏனென்றால் 10.2 மீட்டர் தண்ணீருக்கு ஒரு பார். உங்கள் கேஜின் முகத்தில் பிஎஸ்ஐ என்று இருந்தால் குறிப்பிலும் 255 பிஎஸ்ஐ என்றே எழுதுங்கள், ஆளைக் கணக்குப் போட வைக்காதீர்கள்.

இப்போது மூலத்தில் ஒரு வரி வருகிறது: நிரப்பும்போது அழுத்தம் சீராக ஏற வேண்டும், ஏறாவிட்டால் நிறுத்திக் காரணம் தேட வேண்டும். சரியான வரிதான். ஆனால் நம் பைப் கீழிருந்து 240 மீட்டர் தூரம் செங்குத்தாக ஏறி 90 மீட்டர் உயரத்தை அடைகிறது, பிறகு 150 மீட்டர் தூரம் கிட்டத்தட்ட சமதளமாகப் போய் 6 மீட்டர் மட்டும் ஏறுகிறது, அதன் பிறகு மிச்ச 250 மீட்டர் மறுபடியும் செங்குத்து. தண்ணீர் கீழிருந்து மேலே நிரம்புகிறது. முதல் 38 நிமிடத்தில் கேஜ் 8.8 பார் வரை போகும். அப்புறம் 24 நிமிடம் முழுக்க அந்தச் சமதளத் துண்டு நிரம்பும், அதற்குள் கேஜ் 9.4 வரைதான் நகரும், 25 பார் கேஜில் அது ஒரு கோடு. பக்கத்தில் நிற்கிறவருக்கு முள் செத்துப்போன மாதிரி இருக்கும்.

அந்த 24 நிமிடத்தில் இரண்டு தவறு நடக்கலாம். ஒன்று, ஓட்டை என்று நினைத்து எல்லாவற்றையும் நிறுத்திக் காலி செய்வது, அதனால் ஒரு நாள் போகும், உயிர் போகாது. இரண்டாவது, தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலே வாக்கிடாக்கியில் சொல்லி நுழைவுக் கதவையே கொஞ்சம் தூக்கச் சொல்வது. இதுதான் பயப்பட வேண்டியது. குறுகின வாயுள்ள போத்தலைக் குழாயடியில் வேகமாக நிரப்பினால் குபுக் குபுக் என்று காற்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வெளியே வருமே, அது 60 சென்டிமீட்டர் பைப்பில் நடக்கும். சமதளத் துண்டில் மேல்பக்கமாக நின்ற காற்று வெளியேற வழியில்லாமல் இறுகி, பிறகு மேலே பாய்ந்து காற்றுக் குழாய் வழியாகவும் கதவு வழியாகவும் தண்ணீரோடு பீறிட்டுக்கொண்டு வரும். அந்த நேரம் கதவுப் பக்கத்தில் ஆள் நின்றுகொண்டிருப்பார்.

ஆகவே தமிழ்க் குறிப்பில் மூலத்தின் அந்த ஒரு வரிக்குப் பதில் உங்கள் பைப்பின் கதை வர வேண்டும். எந்த நிமிடத்தில் முள் எங்கே இருக்க வேண்டும், எங்கே நின்றால் பரவாயில்லை, எங்கே நின்றால் நிறுத்த வேண்டும். நம் உதாரணத்தில் 8.8-க்கு முன்னால் முள் நின்றால் தவறு. 70 நிமிடத்தில் 10 பாரைத் தாண்டவில்லை என்றாலும் தவறு. அப்போது நிரப்பும் வால்வை மூடிவிட்டு, கீழிருந்து மேலாகப் பைப் ஓரமாக நடந்து வடிகால் வால்வு, ஆள் இறங்கும் மூடி, பைப் இணைப்புகள் என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். இந்த நிமிடங்களை உங்கள் கணக்கில் இருந்து மட்டும் எழுதாமல், அடுத்த தடவை தண்ணீர் ஏற்றும்போது ஒருவர் கேஜ் பக்கத்தில் நின்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுதி வைத்தால், அதன் பிறகு அந்த அட்டவணையையே குறிப்பில் போட்டுவிடலாம்.

'சற்றே திறக்கவும்' என்பதும் இந்த வகைதான். எவ்வளவு என்று கேளுங்கள். நிரப்பும் வால்வு எத்தனை சுற்று திருப்பினால் அந்த 30 லிட்டர் வருகிறதோ அந்தச் சுற்றை எழுதுங்கள்.

காற்றுக் குழாய்க்கு அரை வரி போதாது

மூலத்தில் இது அரை வரியில் போய்விடும். நிரப்பும்போது காற்று வெளியே போக வேண்டும், அது எல்லாருக்கும் புரியும். காலி செய்யும்போது அதே குழாய் வழியாகக் காற்று உள்ளே வர வேண்டும் என்பதைத் தனியாக எழுத வேண்டும். மேலே கதவை மூடிவிட்டுக் கீழே வடிகாலைத் திறந்தால், இறங்கும் தண்ணீர் பின்னால் வெற்றிடத்தை விட்டுச் செல்கிறது. உள்ளிருந்து 17 பாரைத் தாங்கும் பைப், வெளியில் இருந்து அழுத்தும் ஒரே ஒரு பாருக்கும் குறைவான காற்றழுத்தத்தில் தகர டின் மாதிரி உள்ளே மடிந்துவிடலாம், அதிலும் மேல்பகுதியில் தகடு மெல்லியதாக இருக்கும். நம்ம ஊரில் மழை நாளில் இலையும் சேறும், வெயில் நாளில் குளவிக்கூடும் அந்தக் குழாய் வாயை அடைத்துவிடும். வலை போட்டிருந்தாலும் அந்த வலை மேலேயே கூடு கட்டும். எனவே குறிப்பில், "காற்றுக் குழாய் வாயில் உள்ளங்கையை வையுங்கள். காற்று இழுப்பது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் உடனே வடிகால் வால்வை மூடச் சொல்லுங்கள்" என்று எழுதுங்கள். சின்ன வடிகால் வால்வில் மெதுவாக இறக்கும்போது இது பொருந்தும். பெரிய வேகத்தில் காலி செய்யும் நிலையத்தில் கையை வைக்கச் சொல்லக் கூடாது, ஒரு துண்டுத் துணியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

'உடனே' என்ற சொல்லை எங்கே வைக்கிறீர்கள்

தண்ணீர் ஏற்றி முடிந்து மெஷின் ஓடத் தொடங்கியதும், டிரிப் ஆனால் என்ன செய்வது என்ற பகுதி வரும். லைன் துண்டிக்கப்பட்டால் டர்பைனுக்குச் சுமை போய்விடும், பெல்டன் சக்கரம் தன் சாதாரண வேகத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்குக்கு ஓடப் பார்க்கும். அதற்காகத்தான் டிஃப்ளெக்டர். அது ஓரிரு விநாடியில் பீச்சைச் சக்கரத்தில் இருந்து திருப்பிவிடும், பைப்புக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஊசி அதன் பிறகு மெதுவாக, நம் உதாரணத்தில் 30 விநாடி எடுத்து மூடும். மூலத்தில் இரண்டும் ஒரே வாக்கியத்தில் இருக்கும், "உடனடியாக டிஃப்ளெக்டரையும் ஊசியையும் மூடவும்" என்று தமிழில் எழுதிவிடுவது மிகச் சுலபம்.

ஊசி ஏன் மெதுவாக மூட வேண்டும் என்பதற்கு ஒரு சின்ன கணக்கு. ஓடும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் ஏறும் அழுத்தம் இது:

```
ΔH = a × Δv / g
```

இதில் a என்பது பைப்பில் அழுத்த அலை ஓடும் வேகம், இந்த மாதிரி இரும்புப் பைப்பில் விநாடிக்குச் சுமார் 1100 மீட்டர். Δv நிறுத்திய வேகம், 3 மீட்டர். g 9.81. வருவது 336 மீட்டர் தண்ணீர் உயரம், அதாவது ஏற்கெனவே உள்ள 17.6 பாருக்கு மேல் இன்னும் 33 பார். 'சட்டென்று' என்பதற்கும் அளவு உண்டு: அலை மேலே போய்த் திரும்பி வரும் நேரம், 640 மீட்டர் பைப்புக்கு 1.2 விநாடி. அதற்குள் மூடினால் இந்த முழு அடியும் விழும். 30 விநாடி எடுத்து ஒரே சீராக மூடினால் ஏற்றம் பத்து மீட்டருக்குள் அடங்கும்.

1950-இல் ஜப்பானில் ஓயிகாவா நீர்மின் நிலையத்தில் பராமரிப்பு நேரத்தில் ஒரு வால்வு வேகமாக மூடிக்கொண்டதில் கீழே பைப் கிழிந்தது, கிழிந்த இடம் வழியாகத் தண்ணீர் வெளியே பாய்ந்ததில் மேல்பகுதிப் பைப் வெற்றிடத்தால் நசுங்கியது. மேலே நான் தனித்தனியாகச் சொன்ன இரண்டும் அங்கே ஒன்றின் பின் ஒன்றாக நடந்தன. இந்தச் செய்தியைக் குறிப்பின் ஓரத்தில் இரண்டு வரியில் போடலாம், காரணம் தெரிந்தால் ஆட்கள் வரிசையை மாற்ற மாட்டார்கள்.

தமிழில் இப்படிப் பிரியுங்கள்: "டிரிப் ஆனால் டிஃப்ளெக்டர் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் சிவப்புக் கைப்பிடியை இழுங்கள். ஊசி தானாக மெதுவாக மூடும். ஊசியைக் கையால் வேகப்படுத்தாதீர்கள்." 'உடனே' ஒரே ஓர் இடத்தில் மட்டும், அதுவும் டிஃப்ளெக்டருக்குப் பக்கத்தில்.

எழுதி முடித்தால் தாள் இப்படி இருக்கும்

தண்ணீர் ஏற்றும் பகுதி மட்டும், நம் உதாரண நிலையத்துக்கு:

1. பைப்புக்குள் ஆள் இல்லை. உள்ளே போனவர்கள் எல்லாரும் வெளியே வந்து, போகும் முன் போட்ட தங்கள் பூட்டைக் கழற்றிவிட்டார்கள். ஒரு பூட்டு மிச்சம் இருந்தாலும் தொடங்காதீர்கள்.
2. ஆள் இறங்கும் மூடியின் எல்லா போல்ட்டும் முறுக்கியிருக்கிறதா, ஸ்பேனர் வைத்துப் பாருங்கள்.
3. வடிகால் வால்வு, மெயின் வால்வு, பைப்பாஸ், ஊசி: நான்கும் மூடியிருக்க வேண்டும். வால்வுகளைக் கையால் தொட்டுப் பாருங்கள், ஊசிக்கு அதன் அளவுகோலைப் பாருங்கள்.
4. மேலே: காற்றுக் குழாய் வாய் சுத்தமா, பாருங்கள். அதற்கு நேர் மேலே குனியாதீர்கள்.
5. மேலே: நிரப்பும் வால்வை இரண்டு சுற்று திறங்கள். மணியை எழுதுங்கள். நுழைவுக் கதவைத் தொடாதீர்கள்.
6. கீழே: ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கேஜை எழுதுங்கள். 38 நிமிடத்தில் 8.8 பார். பிறகு 24 நிமிடம் முள் நகராத மாதிரி இருக்கும், காத்திருங்கள். 70 நிமிடத்தில் 10 பாரைத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் நிரப்பும் வால்வை மூடச் சொல்லுங்கள், பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள்.
7. 17.6 பார் வந்து முள் அங்கேயே நின்றால் பைப் நிரம்பிவிட்டது. பத்து நிமிடம் பாருங்கள்.
8. மேலே: நுழைவுக் கதவை முழுக்கத் திறங்கள். பிறகு நிரப்பும் வால்வை மூடுங்கள்.
9. கீழே: நாசில் பக்கத்து ஏர் காக்கைத் திறங்கள். பைப்பாஸ் வால்வை மெதுவாகத் திறங்கள். குமிழி இல்லாமல் தண்ணீர் வந்ததும் ஏர் காக்கை மூடுங்கள்.
10. மெயின் வால்வின் இரண்டு பக்கக் கேஜும் ஒரே எண் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மெயின் வால்வைத் திறக்காதீர்கள்.
11. ஒரே எண் வந்தபின் மெயின் வால்வைத் திறங்கள். முழுக்கத் திறந்தபின் பைப்பாஸை மூடுங்கள்.

பத்தாவது படியில் நாசில் பக்கக் கேஜ் 14, 15 பாரில் நின்றுகொண்டு மேலே ஏறாமல் இருந்தால், பெரும்பாலும் ஊசி நுனி தேய்ந்து தண்ணீர் ஒழுகுகிறது. டர்பைன் குழிக்குள் எட்டிப் பார்த்தால் நாசில் வாயில் இருந்து தண்ணீர் வடிவது தெரியும். இதை மூலம் சொல்லாது, நீண்ட நாள் வேலை செய்தவர் சொல்வார், அவர் சொன்னால் குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.

சோதித்துப் பார்ப்பது

ஆங்கில மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் தாளைக் கொடுத்து, தண்ணீர் இல்லாத நேரத்தில், ஒவ்வொரு வால்வு பக்கத்திலும் நின்று சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். "அண்ணே, இதைப் படிச்சிட்டு இப்ப கை எங்க போகும், காட்டுங்க" என்று கேளுங்கள். அவர் ஒரு நொடி தயங்கும் இடமெல்லாம் நீங்கள் திரும்ப எழுத வேண்டிய இடம். விளக்கிச் சொல்லிவிட்டு நகராதீர்கள், ராத்திரி ஷிப்டில் நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள்.

பிறகு தமிழும் ஆங்கிலமும் தெரிந்த வேறொருவர், தமிழை மட்டும் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் திருப்பி எழுத வேண்டும். அதை நிலைய இன்ஜினியர் மூலத்தோடு ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். நீங்கள் சேர்த்த நிமிடங்கள், சுற்றுகள், பேர் மாற்றங்கள் எல்லாம் இங்கே அவர் கண்ணில் பட்டு ஒப்புதலாகும். ஒப்புக்கொள்ளாததை எடுத்துவிடுங்கள், வாதாட வேண்டிய இடத்தில் வாதாடுங்கள்.

தாளின் கீழே மூலக் குறிப்பின் பதிப்பு எண்ணும் தேதியும் இருக்கட்டும். கேஜை மாற்றினாலோ, நிரப்பும் வால்வை வேறு அளவில் போட்டாலோ, நிமிடங்களும் சுற்றுகளும் பொய்யாகிவிடும், அன்றைக்கே சுவரில் இருந்து தாளைக் கழற்றிவிட வேண்டும், புதியது வரும் வரை பொறுப்பாளர் பக்கத்தில் நிற்காமல் தண்ணீர் ஏற்றக் கூடாது. ஒட்டும்போது இரண்டு தாளாக ஒட்டுங்கள், மேலே கதவுப் பக்கம் ஒன்று, கீழே கேஜ் பக்கம் ஒன்று, லேமினேட் செய்து. மேலே நிற்கிறவர் தாளிலும் எல்லாப் படியும் இருக்க வேண்டும், தன் படியை மட்டும் தடித்த எழுத்தில் பார்த்தால் போதும், கீழே இருப்பவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்று அவருக்கும் தெரிய வேண்டும்.